சாயத் தராசும் ஆண்டுக்கொரு சான்றிதழும்

திருப்பூர்ப் பக்கத்துச் சிறிய சாயப்பட்டறை ஒன்றின் சாய ஸ்டோரில் 3 கிலோ கொள்ளளவும் 0.1 கிராம் நுட்பமும் கொண்ட எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு முறை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்து ஆள் வருகிறார். எடைக்கற்களை ஏற்றி இறக்கிப் பார்த்து, தராசின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறார். சான்றிதழ் கோப்பில் சேர்கிறது. பையரின் ஆடிட்டர் கேட்டால் எடுத்துக் காட்டலாம். பெரும்பாலான சிறு தொழிற்கூடங்களில் காலிப்ரேஷன் என்பது இவ்வளவுதான். சட்டமுறை எடையளவுத் துறையின் ஆண்டு முத்திரை இதிலிருந்து வேறு. அது வணிகத்தில் அந்தத் தராசைப் பயன்படுத்தலாம் என்பதற்கான அனுமதி. உங்கள் வேலைக்கு அது போதுமா என்பதைப் பற்றி அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை.

இந்த ஆண்டு வழக்கத்தில் உண்மையான பயன் உண்டு. ஆய்வகத்தின் எடைக்கல் அதைவிட நுட்பமான கல்லோடும், அது நாட்டின் மூலத் தரத்தோடும் ஒப்பிடப்பட்டது. அந்தச் சங்கிலியைப் பட்டறைக்குள் நாமாகவே உருவாக்க முடியாது. தராசு இருக்கும் மேசைக்கே வந்து சோதிப்பதும் முக்கியம். எலெக்ட்ரானிக் தராசு அளப்பது விசையை. புவியீர்ப்பு ஊருக்கு ஊர் மாறும். டெல்லியில் சரிசெய்த தராசைச் சென்னையில் வைத்தால் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் குறைவாகக் காட்டும். வாங்கிய இடத்தில் கொடுத்த சான்றிதழை நம்பி, வந்த இடத்தில் சோதிக்காமல் விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

குறை அனுமதிப் பிழையில் தொடங்குகிறது. நம் தராசுக்கு 2 கிலோவில் ±0.5 கிராம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள், தராசு தேறியிருக்கிறது என்று கொள்வோம். அது 0.025 சதவீதம்; யாரும் குறை சொல்ல முடியாது. இப்போது 300 கிலோ பின்னல் துணிக்கு வெளிர் பழுப்பு ஷேடு போட வேண்டும். ரெசிபியில் மஞ்சள் 180 கிராம், சிவப்பு 60 கிராம், நீலம் 15 கிராம். அந்த நீலத்தில் அரை கிராம் கூடினால் 3 சதவீதத்துக்கும் மேல் பிழை. வெளிர் ஷேடில் நீலம் கொஞ்சம் நகர்ந்தாலும் துணி பச்சையாகவோ சிவப்பாகவோ திரும்பிவிடும். 2 கிலோவில் எழுதிய எல்லை 15 கிராமுக்கு எதையும் காப்பாற்றுவதில்லை. அனுமதிப் பிழையைத் தராசின் கொள்ளளவிலிருந்து எடுக்கிறார்கள். அதை எடுக்க வேண்டிய இடம், அந்த மேசையில் நிறுக்கப்படும் மிகச் சிறிய அளவு.

அந்தச் சிறிய அளவில் தொந்தரவு செய்யும் பிழையும் வேறு வகை. தராசு எல்லா எடையையும் ஒரே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ காட்டினால் மூன்று சாயமும் ஒரே விகிதத்தில் மாறும். ஷேடின் நிறம் நகராது. ஆனால் ஒரே கல்லைப் பத்து முறை வைத்தால் பத்து வாசிப்பும் சற்றே சிதறுமே, அந்தச் சிதறல் ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியே தாக்கும். சாய ஸ்டோரில் மின்விசிறி ஓடும், கதவு திறந்து மூடும், பக்கத்தில் மெஷின் அதிரும். பத்து வாசிப்புகளின் திட்ட விலக்கம் 0.12 கிராம் என்று வந்தால், அதன் இரு மடங்கான 0.24 கிராமை நடைமுறைப் பிழையாகக் கொள்ளலாம். 15 கிராமில் அது 1.6 சதவீதம். ஒரு சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று பட்டறை முடிவு செய்தால், 24 கிராமுக்குக் கீழே எதையும் இந்தத் தராசில் நிறுக்கக் கூடாது. சோதனைக்கூடத் தராசுக்குப் போக வேண்டும், அல்லது சாயத்தைக் கரைசலாக்கிக் கன அளவில் எடுக்க வேண்டும். ஒன்றரைக் கிலோ வாளியை வைத்து டேர் செய்தால் எடை கூடிவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்கில் வருவது வாளிக்குள் விழும் 15 கிராம் மட்டுமே. ஆகவே சிதறல் சோதனையையும் அந்த வாளியோடே செய்து பார்ப்பதுதான் நியாயம்.

விகிதப் பிழை அப்படியானால் பொருட்டே இல்லையா? உண்டு. நீலத்தை ஒரு தராசிலும் மஞ்சளை இன்னொரு தராசிலும் நிறுத்தால் உடனே பொருட்டாகும். அதைப் பிடிப்பது தினசரிச் சோதனை. இங்கே ஒரு தவறான பழக்கம் பரவலாக இருக்கிறது: சிறிய எடை முக்கியம் என்பதால் காலையில் 50 கிராம் கல்லை வைத்துப் பார்ப்பார்கள். தராசு 0.05 சதவீதம் விலகியிருந்தால் 50 கிராமில் அது 0.025 கிராம்; திரையில் தெரியவே தெரியாது. 2 கிலோ கல்லில் அதே விலகல் 1 கிராம். ஆகவே தினசரிக் கல் கொள்ளளவுக்கு அருகே இருக்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கல்லும் தேவையில்லை. எம்1 வகுப்பு 2 கிலோ கல்லுக்கு அனுமதித்த பிழை 0.1 கிராம். நம் எல்லையான 0.5 கிராமில் மூன்றில் ஒரு பங்குக்குள் அது அடங்கிவிடுகிறது.

தினமும் பார்ப்பது ஏன் என்பதற்கு வலுவான காரணம் ஒன்றுதான். தராசு தவறு என்று தெரியும் நாளில், கடைசியாகச் சரியாக இருந்த நாள் வரைக்கும் பின்னோக்கிப் போய் எல்லா லாட்டையும் சந்தேகிக்க வேண்டும். ஆண்டுச் சோதனை மட்டும் இருந்தால் ஓராண்டு லாட்டுகள். தினசரிச் சோதனை இருந்தால் நேற்றைய லாட்டுகள்.

ஆனால் பதிவேடு சரியில்லாவிட்டால் தினசரிச் சோதனையும் வீண். பல பட்டறைகளில் தேதி, கையெழுத்து, நடுவில் ஒரு டிக் குறி. ஆறு நாள் வாசிப்பு 2000.0, 1999.9, 1999.8, 1999.7, 1999.7, 1999.6 என்று இறங்கினால் எல்லாம் எல்லைக்குள்தான். ஆறு டிக் விழும். எண்ணை எழுதியிருந்தால் இறக்கம் கண்ணில் படும். இன்னும் மோசம், சோதனைக்கு முன்பே `CAL` பொத்தானை அழுத்திவிடுவது. அப்போது திரையில் வரும் 2000.0 தராசின் நிலையைச் சொல்வதில்லை, இப்போதுதான் சரிசெய்தோம் என்பதை மட்டுமே சொல்கிறது.

மேலே சொன்ன இறக்கம் சாய ஸ்டோரில் எப்படி வரும்? உப்பும் சாயத்தூளும் தட்டின் அடியில் புகுந்து கட்டியாகி, தட்டை லேசாகத் தாங்கிக்கொள்ளும். பாரத்தில் ஒரு பகுதி சென்சாருக்குப் போகாது. எடையை எடுத்தபின் திரை பூச்சியத்துக்குத் திரும்பாது. 1 கிலோ கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்தால் ஒரு மூலை மட்டும் குறைத்துக் காட்டும். செய்ய வேண்டியது தட்டைக் கழற்றித் துடைப்பது. `CAL` அழுத்தினால் அந்த உரசலையும் சேர்த்துத் தராசு சரி என்று ஏற்றுக்கொள்ளும். பிறகு யாரோ துடைத்ததும் கூடுதலாகக் காட்டத் தொடங்கும்.

ஆகவே பதிவேட்டில் இருக்க வேண்டியவை: தேதி, நேரம், தராசு எண், கல்லின் எண், நீர்க்குமிழி நடுவில் இருந்ததா, பூச்சிய வாசிப்பு, சரிசெய்வதற்கு முந்தைய வாசிப்பு, எல்லை, சரிசெய்திருந்தால் காரணமும் பிந்தைய வாசிப்பும், கையெழுத்து. எல்லைக்குச் சற்று முன்பே, ±0.3 கிராமில், ஒரு எச்சரிக்கைக் கோடும் வேண்டும். அதைத் தொட்டால் துடைத்து மறுபடி பார்க்கலாம், ±0.5 ஐத் தாண்டினால் தராசை நிறுத்தி முந்தைய லாட்டுகளைத் தேடலாம்.

வெளி ஆய்வகத்தின் இடைவெளியை முடிவு செய்யவும் இந்த முந்தைய வாசிப்புதான் உதவும். பலர் சரிசெய்த பிறகு கிடைத்த எண்ணை மட்டுமே சான்றிதழில் வாங்குகிறார்கள். அதில் தராசு ஓராண்டில் எவ்வளவு நகர்ந்தது என்பது மறைந்துவிடுகிறது. ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு எண்ணும் வேண்டும் என்று எழுதிக் கேட்கலாம். அடுத்தடுத்து மூன்று முறை முந்தைய வாசிப்பு எல்லையின் பாதிக்குள் இருந்தால், பையரின் நிபந்தனை தடுக்காதவரை ஓராண்டை நீட்டிக்கலாம். ஒரு முறை வெளியே போனாலும் ஆறு மாதமாகக் குறைக்க வேண்டும். மேசையை மாற்றினாலோ, சென்சாரைப் பழுதுபார்த்தாலோ ஸ்டிக்கரில் எத்தனை மாதம் மிச்சம் என்று பார்க்காமல் அன்றே ஆளைக் கூப்பிட வேண்டும்.