எந்த மல்லி வேண்டும்?

சங்கரன்கோவில் பூச்சந்தையில் விலை பேசும்போது நாம் ஒரு ரூபாயைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை. மணத்தைப் பற்றிப் பேச வந்தால் மட்டும் "நல்லா மணக்குது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் வேண்டாத வாடையைச் சொல்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. பச்சை முட்டை, மீன் கழுவிய தண்ணீர் இரண்டிலும் இருப்பது கவிச்சி என்று உடனே சொல்லிவிடுகிறோம். மிளகாய் வறுபட்டால் நெடி, தேங்காய் எண்ணெய் பழசானால் காறல். இவை பொருளின் பெயர்கள் அல்ல, பல பொருள்களுக்குப் பொதுவான பண்பின் பெயர்கள்.

மலேசியக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களிடம் இப்படிப்பட்ட சொற்கள் ஏறக்குறைய பன்னிரண்டு உண்டு. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றுக்கும் அவர்களிடம் ஒரே சொல். அசிஃபா மஜித், நிக்லாஸ் பூரன்ஹுல்ட் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாசனைக்குப் பெயர் சொல்லத் தடுமாறினார்கள். ஜஹாய் மக்களோ நிறத்தைச் சொல்வது போலவே வாசனையையும் சரளமாகச் சொன்னார்கள். இதற்குப் பேச்சுப் பழக்கம்தான் வேண்டும். கவிச்சியையும் காறலையும் பிரித்தறிகிற நம் மூக்கை நல்ல மணத்தின் பக்கம் திருப்பினால் போதும்.

அதற்கு மல்லியை விட நல்ல பாடம் இல்லை. காலையில் ஒரு கைப்பிடி மொட்டு வாங்கிவந்து மூன்று வேளை முகர்ந்து பாருங்கள். மதியம் மொட்டு மூடியிருக்கும். ஒன்றைக் கிள்ளினால் கீரைத்தண்டை ஒடித்த பச்சை வாடைதான் முன்னால் நிற்கும். பொழுது சாய்ந்து இதழ் விரியும்போது இனிப்பு ஏறும். நிதானமாகக் கவனித்தால் அந்த இனிப்புக்குள் பழுத்த வாழைப்பழத்தின் சாயல் தட்டுப்படும். அதைத் தருவது பென்சைல் அசிட்டேட். மறுநாள் காலையில் இதழ் பழுப்பேறியதும் மேலிருந்த இனிப்பு வடிந்துவிட, அடியில் இருந்தது வெளியே வரும்: அந்துருண்டையை நினைவூட்டும் ஒரு கனத்த வாடை. அதில் பெரும்பங்கு இண்டோலுடையது. மலத்தின் நாற்றத்திலும் இருக்கிற பொருள்தான் அது. அளவு கூடினால் குமட்டும், துளியாக இருந்தால் மல்லிக்கு ஆழம் தரும். அதை அறவே நீக்கிவிட்டால் மல்லி வெறும் சோப்பு வாசனையாக மெலிந்துவிடும்.

பக்கத்துக் கூடைகளையும் இதே முறையில் பிரிக்கலாம். பிச்சியில் பழ இனிப்பு தூக்கல். நிலச்சம்பங்கியில் வெண்ணெயின் கொழுப்பும், அடியில் வலிக்குத் தடவும் களிம்பின் சாயலும் இருக்கும். அந்தக் களிம்புகளில் உள்ள மெத்தில் சாலிசிலேட் இந்தப் பூவிலும் இருக்கிறது.

ஆக, ஒரு மணத்தைப் பற்றி நான்கு செய்திகள் சொன்னால் கேட்பவருக்குப் பிடிபடும். எதன் சாயல், எவ்வளவு கனம், எத்தனை நேரத்தில் எப்படி மாறுகிறது, எது கூடவே கூடாது. கடைசியில் சொன்னதுதான் கடைக்காரருக்கு அதிகம் உதவும்.

அத்தர் கடையில் "பாய், மல்லி அத்தர் கொடுங்க" என்றால், அதிகம் விற்பதைத்தான் எடுத்து நீட்டுவார். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சாயங்காலம் பாதி விரிஞ்ச மல்லி மாதிரி இருக்கணும் பாய். பச்சை வாடை கொஞ்சம் தெரியலாம். மிட்டாய் இனிப்பு வேண்டாம். அந்துருண்டை வாடை துளி இருந்தா சரி, மேலே வரக்கூடாது." பத்து சீசா திறக்க வேண்டிய இடத்தில் அவர் இரண்டோ மூன்றோ திறந்தால் போதும்.

திறந்ததும் முடிவு செய்துவிடக் கூடாது. காகிதத் துண்டில் ஒரு சொட்டு விட்டு அப்போதே முகருங்கள், கால் மணி நேரம் கழித்து ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. மல்லி முன்னதாகக் கரைந்து அடியிலிருக்கும் சந்தனம் மட்டும் மிஞ்சலாம். அப்போது "பூ சீக்கிரம் போயிடுது, கட்டை தங்குது" என்று சொல்லத் தெரிந்தால் அடுத்த சீசாவை அவர் சரியாகத் தேர்ந்தெடுப்பார். நான்கைந்து முகர்ந்தபின் மூக்கு மரத்து எல்லாம் ஒன்றாகத் தோன்றும். கொஞ்ச நேரம் வெளிக்காற்றில் நின்றுவிட்டு வந்தால் தெளியும்.

எல்லார் மூக்கும் ஒன்றல்ல. சில கஸ்தூரி வகைகள் சிலருக்கு அறவே தெரியாது. அதனால் தூரத்தில் இருக்கும் நண்பரிடம் வாசனை வாங்கிவரச் சொல்லும்போது இருவர் கைக்கும் எட்டும் பொருளைச் சாட்சியாக வையுங்கள். அஞ்சறைப்பெட்டி இதற்கு ஏற்றது. "ஒரு ஏலக்காயை உடைச்சு மோந்து பாரு. மூக்குல ஏறுற அந்தக் குளிர்ச்சி வேணும், பின்னால வர்ற இனிப்பு வேண்டாம்" என்று சொன்னால், அவர் முகர்ந்து பார்த்துவிட்டு எந்த இனிப்பு என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால், அவர் சரியானதை வாங்கிவருவார்.