முக்கால் தையலின் வளைவு

கிராஸ் ஸ்டிட்சில் நிலவைத் தைத்தால் அதன் ஓரம் படிக்கட்டாகத்தான் வரும். அந்தப் படியை வழித்துவிடுகிறது முக்கால் தையல். கட்டத்தின் ஒரு மூலையிலிருந்து நடுப்புள்ளி வரை ஒரு குட்டி இழை. அதன் தலையை அமுக்கியபடி, மற்ற இரு மூலைகளை இணைக்கும் நீண்ட இழை. கட்டம் அப்படியே முக்கோணமாகிவிடுகிறது. ஐடா துணியில் கட்டத்தின் நடுவே துளை கிடையாது. கூர் ஊசி நூல்பின்னலைத் துளைக்கும்போது எழும் மெல்லிய 'நறுக்' ஓசைக்காகவே கையை மெதுவாக்கலாம். மொட்டை ஊசி அங்கே வழுக்கி நடுவை விட்டு விலகும், முக்கோணமும் கோணும்.

எட்டுக் கட்ட அகல நிலவை வரைபடத்தில் பாருங்கள். மேல் வரிசையில் 4 கட்டங்கள், அடுத்ததில் 6, பிறகு 8. இடப்பக்கத்தில் முதல் இரு வரிசைகளின் தொடக்கத்தை ஒட்டி ஒவ்வொரு காலிக் கட்டம் இருக்கும். முக்கால் தையலின் இடம் அதுதான். குட்டி இழை நிலவை ஒட்டிய கீழ் வலது மூலையிலிருந்து கிளம்ப வேண்டும். வரைபடத்திலும் அந்த மூலையில்தான் சின்னக் குறியை இடுவார்கள். நீண்ட இழைகள் இரண்டும் நுனியோடு நுனி தொட்டு ஒரே சாய்கோடாக ஓடும். நிலவின் நான்கு மூலைகளிலும் திசை மாற்றி இப்படி எட்டுத் தையல்கள். துணியைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தால், படிகள் போன இடத்தில் நிலவு உருண்டிருக்கும்.