பாட்டியின் கன்னத்தைத் தேய்த்தது யார்?

ராத்திரியில் ஃபோனில் எடுத்த ஒரு முகத்தை இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள். இமைமுடிகள் தனித்தனியாக இருக்காது, எல்லாம் ஒட்டி ஒரே மைக்கோடாகியிருக்கும். புருவம் ஸ்கெட்ச் பேனாவால் இழுத்தது மாதிரி இருக்கும். கன்னத்தில் தோலுக்குப் பதில் வாட்டர்கலர் தீற்றல். தாடை ஓரமாக மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்று ஓடும். சின்னத் திரையில் இதைத்தான் 'செம க்ளியர்' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். தெளிவு என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இது ஒரு பாணி, நம்மைக் கேட்காமலே நம் முகத்தில் பூசப்படும் பாணி.

எப்படி வருகிறது? வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் ஏறும். ஃபோன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, சராசரி பார்த்து அதைக் குறைக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சுவர் அசையாது, முகம் அசையும். பொருந்தாத இடத்தில் சராசரி எடுபடாமல் போக, மிச்சமிருக்கும் இரைச்சலை மென்பொருள் துடைக்கிறது. சிக்கல் இங்கேதான். இரைச்சல் புள்ளியும் தோலின் நுண்துளையும் ஏறக்குறைய ஒரே அளவு. எது எதுவென்று தெரியாமல் இரண்டையுமே துடைத்துவிடுகிறது. துடைத்த படம் மந்தமாகத் தெரியுமே, அதனால் விளிம்புகளைத் தீட்டுகிறது: கோட்டின் கருத்த பக்கத்தை இன்னும் கருப்பாக்கி, வெளுத்த பக்கத்தை இன்னும் வெளுப்பாக்குகிறது. சின்னது எல்லாம் போய், பெரியது எல்லாம் இரட்டிப்பாகி நிற்கிறது. கேலிச்சித்திரக்காரர் தெரிந்து செய்வதை இது தெரியாமல் செய்கிறது.

நண்பர் ஒருவர் தன் பாட்டியின் கடைசிப் படத்தைக் கொண்டுவந்தார். திண்ணை, ஒரே ஒரு குண்டு பல்பு. 4000×3000 அளவில் ஒரு JPEG, அவ்வளவுதான். ஃப்ரேம் போட வேண்டும். 'பாட்டி மாதிரியே இல்லடா, யாரோ வரைஞ்ச மாதிரி இருக்கு' என்றார். GIMP-இல் திறந்தோம்.

முதலில் தாடை ஓரத்து வெள்ளைக்கோடு. பெரிதாக்கி எண்ணினால் மூன்று பிக்சல் அகலம். அடுக்கைப் பிரதியெடுத்து, அதற்கு மூன்று பிக்சல் Gaussian Blur கொடுத்து, அடுக்கின் முறையை Darken only என மாற்றினோம். இரண்டு அடுக்கில் எது கருப்போ அதுவே தெரியும் என்பதால் வெள்ளைக்கோடு கரைந்துவிட்டது. கூடவே நரைமுடியும் கரைந்தது, கண்ணில் மின்னிய பல்பின் ஒளியும் போனது! அதுவும் வெள்ளைக்கோடுதானே. ஆகவே கருப்பு மாஸ்க் போட்டு மறைத்து, தாடையிலும் மூக்கோரத்திலும் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்துவிட்டோம்.

அடுத்தது நிழல். ஃபோன் இருட்டுக் கன்னத்தையும் தூக்கி வெளுப்பாக்கியிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் தேர்ந்து Curves-இல் கீழே இறக்கினோம். சுருக்கத்துக்கு உருவம் கொடுப்பது நிழல்தான். அது திரும்பி வந்ததும் கன்னம் உள்வாங்கியது, பாட்டிக்கு வயசு திரும்பியது. என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இந்த ஒரு படிதான்.

அப்புறம் படத்தைப் பாதியாக, 2000×1500-க்குச் சுருக்கினோம். தீற்றல்களும் கூடவே சுருங்கி, கண் பிடிக்க முடியாத அளவுக்குப் போயின. போஸ்ட்கார்டு அளவு ஃப்ரேமுக்கு அது தாராளம். கடைசியாக RGB Noise: Independent RGB டிக்கை எடுத்துவிட்டால் நிறமில்லாத சாம்பல் மணல் விழும். அளவு 0.05 அருகில் போதும். சுருக்குவதற்கு முன்னால் தூவினால் சுருக்கும்போது அதுவும் கரைந்துவிடும்.

இந்த மணல் பாட்டியின் தோல் கிடையாது. அழிந்த நுண்துளை எதுவும் திரும்பி வரவில்லை, வராது. தீற்றலைத் தோல் என்று நம்பவைக்கும் வழவழப்பை மட்டும் இது உடைக்கிறது. எங்கே நிறுத்துவது? சேலையையும் கன்னத்தையும் மாறிமாறிப் பாருங்கள். இரண்டும் ஒரே படத்தில் இருக்கிற மாதிரித் தெரிந்தால் போதும். கன்னம் மட்டும் செய்தித்தாள் படம்போலத் தெரிந்தால் தாண்டிவிட்டீர்கள். நண்பரின் அம்மா பார்த்துவிட்டு, 'கொஞ்சம் மங்கலா இருக்கேப்பா' என்றார். மங்கல்தான். குண்டு பல்பின் வெளிச்சத்தில் அந்தத் திண்ணையே மங்கல்தான்.

இனி எடுக்கும் படங்களுக்கு இந்தப் பாடு வேண்டாம் என்றால் RAW-ஐப் போட்டுவிடுங்கள். DNG என்று கோப்புக்குப் பெயர் இருந்தால் மட்டும் போதாது. சில ஃபோன்கள் பல படங்களை ஒட்டி, துடைத்த பிறகுதான் அதையே எழுதுகின்றன. ஒற்றைப் படமாகத் தரும் செயலியாகப் பாருங்கள். திறந்ததும் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி தெறிக்கும், பயப்பட வேண்டாம். நிற இரைச்சலை மட்டும் துடையுங்கள். சாம்பல் புள்ளிகளை அப்படியே விடுங்கள், தோல் அதற்குள்ளேதான் இருக்கிறது.