சொன்ன விருப்பமும் எழுதிய சம்மதமும்

காரிமங்கலம் வட்டாரத்தில் சொத்தைப் பாகம் பிரிக்க நினைக்கும் குடும்பம் எடுத்த எடுப்பில் வக்கீலைத் தேடிப் போவதில்லை. அண்ணன் தம்பிகள், கட்டிக் கொடுத்த பெண், மாமன் மச்சான், ஊர்ப் பெரியவர் இரண்டொருவர் என்று உட்கார்ந்து முதலில் பேசிப் பார்க்கிறார்கள். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பவர் வர முடியாமல் போவதால், அந்தப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்வது வழக்கமாகி வருகிறது. மூன்று மணி நேரப் பதிவை யாரும் முழுதாகக் கேட்கப் போவதில்லை. ஆகவே படித்த ஒருவர் அதைக் கேட்டு, எந்த வழியினர் என்ன கேட்டார்கள் என்று இரண்டு மூன்று பக்கத்தில் எழுதித் தருகிறார். அடுத்த பேச்சு அந்தப் பக்கங்களை வைத்துத்தான் நடக்கும் என்பதால், அதை எழுதுபவருக்குப் பெரியவர்களுக்கே இல்லாத அதிகாரம் வந்துவிடுகிறது. இந்த முறை நல்லது என்பதே என் முடிவு. ஆனால் விருப்பத்தையும் சம்மதத்தையும் பிரித்து எழுதத் தெரியாதவர் கையில், சண்டையை விடப் பெரிய தீங்கை இது செய்துவிடும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்க்கலாம். தகப்பனார் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நான்கு ஏக்கர் நிலம், அதில் ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு, ஒரு கிணறு, அவர் பெயரில் ஒரு மின் இணைப்பு, ஊருக்குள் ஒரு வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். பேச்சில் மூத்த மகனான பெரியவர், ‘கிணத்துப் பக்கம் எனக்கு வந்தா, தோப்பை விட்டுத் தர்றேன்’ என்கிறார். சின்னவர், ‘அம்மாவை நான்தான் வெச்சிருக்கேன், வீடு எனக்கு வேணும். போர் போட்டதும் என் காசு’ என்கிறார். மகள் முதல் அரை மணி நேரத்தில், ‘எனக்கு ஒன்னும் வேணாம், நீங்க நல்லா இருந்தாப் போதும்’ என்கிறார். இரண்டாவது மணி நேரத்தில், ‘என் பொண்ணு படிப்புக்கு ஏதாவது செஞ்சா நல்லா இருக்கும்’ என்றும் சொல்கிறார். தாய் பேசியது ஒரே வாக்கியம்: ‘இந்த வீட்லயேதான் நான் கண்ணை மூடணும்.’

அவசரமாக எழுதப்படும் சுருக்கம் இப்படி இருக்கும்: ‘பெரியவர் கிணற்று நிலம் கேட்கிறார். சின்னவர் வீடு கேட்கிறார், போர் போட்ட செலவு அவருடையது. மகளுக்குப் பங்கு வேண்டாம். தாய் சின்னவருடன் இருக்க விரும்புகிறார்.’ ஒவ்வொரு வரியும் பதிவில் கேட்டதுபோலவே தோன்றும். ஆனால் நான்குமே தவறு. பெரியவர் நிபந்தனையோடு பேசியிருக்கிறார். நிபந்தனையை வெட்டியதால் அவர் விட்டுக்கொடுக்க முன்வந்த தோப்பு மறைந்து, ஆசை மட்டும் நிற்கிறது. போர் போட்ட செலவு சின்னவரின் கூற்று மட்டுமே. ரசீது யாரும் காட்டவில்லை, அப்பா பணமும் அதில் இருந்தது என்று பெரியவர் மறுத்திருக்கவும் கூடும். மகள் பின்னால் சொன்னது விழுந்துவிட்டது. தாய் கேட்டது அந்த வீட்டில் இருக்கும் உரிமையை. அது சின்னவரின் கோரிக்கைக்குச் சாட்சியாக மாற்றப்பட்டிருக்கிறது. எழுதியவர் யார் பக்கமும் சாய நினைக்காமல் இருந்திருக்கலாம். சுருக்கும்போது முதலில் விழுவது ‘வந்தால்’, ‘இருந்தால்’, ‘வரைக்கும்’ போன்ற சின்னச் சொற்கள். குடும்பப் பேச்சில் சமரசத்துக்கான வழி அந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

இந்த நான்கில் மகளின் வாக்கியமே மிகுந்த கவனம் கேட்பது. கூடிய சபையில், அண்ணன் தம்பி முன்னால், ‘வேண்டாம்’ என்று சொல்வது பிறந்த வீட்டு உறவைக் காப்பாற்றிக்கொள்ளும் மரியாதைப் பேச்சாகவும் இருக்கலாம், உண்மையான முடிவாகவும் இருக்கலாம். எழுதுபவர் இதில் எதையும் தீர்மானிக்கக் கூடாது. ‘இருபத்தெட்டாம் நிமிடத்தில் தனக்கு எதுவும் வேண்டாம் என்றார். ஒரு மணி ஐம்பதாம் நிமிடத்தில் மகள் படிப்புக்கு உதவி கேட்டார். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை’ என்று இரண்டையும் நிமிடக் குறிப்போடு எழுதினால் போதும். பங்கை விட்டுக்கொடுப்பது சட்டத்தில் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தால் நடப்பது. சபையில் சொன்ன ஒரு வார்த்தையால் நடப்பதில்லை. சுருக்கத்தில் ‘மகளுக்குப் பங்கு வேண்டாம்’ என்று ஏறிவிட்டால், அடுத்த பேச்சில் அவர் வாய் திறப்பதே பேராசையாகப் பார்க்கப்படும். சட்டத்தால் செல்லாத ஒரு வரி, குடும்பத்துக்குள் முழுமையாகச் செல்லுபடியாகிவிடும்.

தாயின் இடம் இதைவிட நுட்பமானது. குடும்பங்கள் பிள்ளைகளை எண்ணி ‘மூன்று பங்கு’ என்று பேசத் தொடங்கும். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமமான பங்கு உண்டு. இங்கே பங்கு நான்கு. வழிவாரியாக விருப்பத்தைப் பதிவு செய்யும் முறையின் உள்ளார்ந்த குறை இதில் வெளிப்படுகிறது. தாய் எந்த வழியிலும் சேராதவர். ஆகவே யாராவது ஒருவருடைய வழியில் கரைந்துபோகிறார். முறை சரியாக நடக்க வேண்டுமானால், அவர் ஒரே வாக்கியம் பேசியிருந்தாலும் அவருக்கென்று ஒரு தலைப்பு வேண்டும். அதில் பங்கைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை என்பதும், அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதும் எழுதப்பட வேண்டும். பேசாததைச் சம்மதமாக எழுதுவது நடுநிலை மீறல். பேசாததை விட்டுவிடுவதும் மீறலே.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். சமமில்லாதவர்களுக்கு நடுவே நடுநிலை என்பது வலுத்தவர் பக்கம் நிற்பதுதான் என்பார்கள். ‘கல்யாணத்துக்கே சீர் செஞ்சாச்சு, அவளுக்கு எதுக்குப் பங்கு’ என்ற பேச்சையும், மகளின் உரிமையையும் இரண்டு விருப்பங்களாக அக்கம்பக்கத்தில் வைத்தால், உரிமை கோரிக்கையாகச் சுருங்கிவிடும். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. தமிழ்நாடு 1989இலேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை வைத்துக்கொள்ளவில்லை. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இத்தனைக்குப் பிறகும் ‘இரு தரப்புக் கருத்து’ என்று மட்டும் எழுதுவது படிப்பவரைத் தவறாக வழிநடத்தும்.

ஆனால் அதற்கு மருந்து, விருப்பங்களை எழுதும் இடத்தில் எழுதுபவர் தீர்ப்புச் சொல்வது அன்று. சுருக்கத்தைத் தனித்தனித் தாள்களாகப் பிரிப்பதே சரி. முதல் தாளில் யாரும் மறுக்க முடியாத தகவல்கள்: பட்டாவில் உள்ள பரப்பு, தாய்ப்பத்திரம் யார் பெயரில், வில்லங்கச் சான்று சொல்வது, மின் இணைப்பு யார் பெயரில், சட்டப்படி எத்தனை பங்கு. சட்டத்தைப் பற்றிய அந்த வரியை வக்கீல் ஒருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே சேர்க்க வேண்டும். சொத்து பூர்வீகமா சுயசம்பாத்தியமா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். இரண்டாம் தாளில் ஒவ்வொருவரின் விருப்பமும் அவரவர் நிபந்தனையோடு முழுதாக இருக்கட்டும். மூன்றாம் தாளில் அதே விருப்பங்களைச் சொத்துவாரியாக அடுக்க வேண்டும். வழிவாரியாக மட்டும் எழுதினால் மோதல் எங்கே என்று தெரியாது. சொத்துவாரியாக மட்டும் எழுதினால் பெரியவரின் கிணறும் தோப்பும் பிரிந்து, அவர் சொன்ன பேரம் உடைந்துவிடும். மூன்றாம் தாளால் கிடைக்கும் பெரிய பயன், யாரும் பேசாமல் விட்டதைக் காட்டுவது. நம் எடுத்துக்காட்டில் கிணற்றில் யாருக்கு எத்தனை பாகம், எந்த முறையில் தண்ணீர், வாய்க்காலும் வண்டிப்பாதையும் யார் நிலத்தின் வழியாகப் போகும் என்று ஒருவரும் பேசவில்லை. கிணற்றை நம்பிய இந்த மேட்டு நிலத்தில், ஏக்கரைப் பிரித்துத் தண்ணீரைப் பிரிக்காத பாகம் அடுத்த கோடையில் வழக்காகிவிடும்.

அடுத்த மறுப்பு ஆவணத்தைப் பற்றியது: எழுதி வைத்தது நாளைக்கு நீதிமன்றத்தில் வரும், அதனால் எழுதவே வேண்டாம் என்பது. பயம் நியாயமானது, அதற்குக் காரணம் நம் கூர்ச்சீட்டுப் பழக்கம். குடும்ப ஏற்பாடு வாய்மொழியாகவே நடக்கலாம், நடந்து முடிந்ததை நினைவுக்காக எழுதி வைக்கும் குறிப்புக்குப் பதிவு தேவையில்லை என்று 1976இல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுத்தே உரிமையை உண்டாக்கினால் பதிவு கட்டாயம். எனவே ‘இன்னின்னபடி பிரித்துக்கொண்டோம்’ என்ற தொனியில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்ட சுருக்கம், பிரிவினை முடிந்துவிட்டது என்று ஒரு தரப்பு வாதிட வழி கொடுக்கும். தப்பிக்கும் வழி எழுதாமல் இருப்பதில் இல்லை, எழுதும் விதத்தில் இருக்கிறது. ‘இது பேச்சின் குறிப்பு மட்டுமே, எதுவும் முடிவாகவில்லை, இதில் உள்ளதைச் சாட்சியமாகக் காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு அனைவரும் பேசினோம்’ என்று தலையிலேயே எழுத வேண்டும். அப்படி வெளிப்படையான நிபந்தனையோடு சொன்ன ஒப்புதலை உரிமையியல் வழக்கில் ஏற்கக் கூடாது என்பது 1872 சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அந்த நிபந்தனையைப் பேச்சுத் தொடங்கும் முன்பே, பதிவில் கேட்கும்படி சொல்லியிருக்க வேண்டும். பிறகு தாளில் சேர்ப்பது பலவீனம்.

மூன்றாவது மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். பதிவாகிறது என்று தெரிந்தால் மனிதர்கள் எதிரில் இருப்பவரிடம் பேசாமல் பதிவுக்காகப் பேசுவார்கள். 2023இல் இயற்றப்பட்ட மத்தியஸ்தச் சட்டம், மத்தியஸ்தப் பேச்சை ஒலியாகவோ ஒளியாகவோ பதிவு செய்யக் கூடாது என்று சொல்வதும் பேச்சின் இரகசியத்தைக் காக்கத்தான். குடும்பப் பேச்சில் வராதவர்களுக்காகப் பதிவு தேவைப்படலாம். ஆனால் எல்லாருடைய சம்மதமும் இருக்க வேண்டும், யார் கேட்டாலும் நிறுத்த வேண்டும், சுருக்கம் சரிபார்க்கப்பட்டதும் அழித்துவிட வேண்டும். இதற்கு ஒருவர் மறுத்தாலும் பதிவைக் கைவிட்டு, எதிரிலேயே கையால் குறிப்பெடுப்பது மேல். மிரட்டல் நடக்கும் வீட்டிலும், வழக்கு ஏற்கெனவே தொடுக்கப்பட்ட குடும்பத்திலும் பேச்சைச் சுருக்கி எழுதும் இந்த முறையே வேண்டாம்.

சரிபார்ப்பதற்கு ஒரு நேரான வழி உண்டு. ஒவ்வொருவருடைய பகுதியையும் அவரிடம் தனியாக, படிக்க முடியாதவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்றால் பதிவைக் கேட்டுத் திருத்தலாம். ‘சொன்னேன், இப்போது அப்படி நினைக்கவில்லை’ என்றால் பழையதை அழிக்காமல், புதியதைத் தேதியோடு அடியில் சேர்க்க வேண்டும். முதலாவது எழுதியவரின் பிழை, இரண்டாவது பேசியவரின் மனமாற்றம். இரண்டையும் ஒன்றாக்கினால் தாளின் மேல் யாருக்கும் நம்பிக்கை இருக்காது. மகள் தன் பகுதியைக் கேட்டுவிட்டு, ‘வேண்டாம் என்றது நிலத்தைத்தான்’ என்று ஒரு வரி சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வரியால், பங்கா இல்லையா என்ற சண்டை எவ்வளவு தொகை என்ற கணக்காக மாறும். அவர் சேர்க்க இடம் விட்டு எழுதப்பட்ட சுருக்கமே நடுநிலையானது. அந்த இடத்தைத் தன் சொல்லால் நிரப்பிவிட்ட சுருக்கம் எவ்வளவு சமமாகத் தோன்றினாலும் ஒரு தரப்பின் பத்திரம்தான்.