அண்ணங்கராசாரியர் ஒருவரா, நால்வரா? பெயரடைவுகள் பற்றிய ஒரு விசாரம்

காஞ்சீபுரம் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் ஸ்வாமி (1891–1983) திவ்யப்ரபந்தத்திற்குத் திவ்யார்த்த தீபிகை என்னும் உரை இயற்றியவர். பூர்வாசார்ய க்ரந்தங்கள் பலவற்றைக் காஞ்சியிலிருந்தே அச்சேற்றி வெளியிட்டவர். தமிழ், ஸம்ஸ்க்ருதம் என்னும் இரு மொழிகளிலும் எழுதியவராதலால் அவருடைய திருநாமம் நூல்களின் முகப்பில் பல எழுத்துகளில் பல வடிவங்களில் அமைந்துள்ளது. இன்றைய ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல்கள் அவ்வடிவங்களை ஆராயாமல் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. அதனால் ஒருவர் செய்த கைங்கர்யம் மூவர், நால்வர் பெயரில் சிதறிக் கிடக்கிறது. தமிழ் உரையைத் தேடிச் செல்பவருக்கு ஸம்ஸ்க்ருதப் பதிப்புகள் அகப்படுவதில்லை.

இக்குறையின் முதற்காரணம் கண்ணுக்குப் புலப்படாதது. கீழ்ப்புள்ளியிட்ட ணகரத்தைக் கணினியில் இருவகையாக எழுதலாம். ṇ என்பது U+1E47 என்னும் ஒரே குறியாக இருக்கலாம்; n என்னும் எழுத்தும் U+0323 என்னும் தனிப்புள்ளியும் அடுத்தடுத்து நிற்பதாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடும் பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். யூனிகோடு வகுத்துள்ள NFC என்னும் ஒழுங்குமுறைக்கு உட்படுத்தினால் இவ்வேற்றுமை முற்றிலும் நீங்கும். எல்லாப் பெயர்களையும் முதலில் இதற்கு உட்படுத்திய பிறகே வேறெதையும் செய்யத் தகும்.

ஆனால் நம்மவர் நூல்களில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னே நிற்கும் ஸ்ரீகாரத்தில் இம்முறையும் பலிப்பதில்லை. தமிழெழுத்தில் அதனை ஸகரத்தைக் கொண்டும் (U+0BB8) எழுதுகின்றனர். 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் (U+0BB6) எழுதுகின்றனர். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றும். NFC இவற்றை ஒன்றாக்காது. ஏனெனில் அதன் கணக்கில் இவை உண்மையிலேயே வெவ்வேறு எழுத்துகள். ஆதலால் ஒப்பிடுவதற்கு முன் ஸ்ரீ, ஸ்ரீமத், உ.வே. போன்ற அடைமொழிகளைத் தனியே பிரித்து வைப்பதே தக்கது. அவை மரியாதைக்கு உரியவை. அடையாளத்திற்கு உரியவை அல்ல.

இரண்டாம் காரணம் ஒலிபெயர்ப்பு முறைகளின் வேற்றுமை. ஸம்ஸ்க்ருத வழியில் எழுதுபவர் ககரத்தின் மெலிந்த ஒலியை g என்று குறிப்பர். தமிழ் லெக்ஸிகன் வழியில் எழுதுபவர் எழுத்தையே நோக்கி k என்பர். புள்ளிகளை அறியாத பழைய அச்சகத்தார் சகரத்துக்கு ch இட்டனர். இப்படி விளைந்த நான்கு வடிவங்களைக் காண்க:

```
Aṇṇaṅgarācārya
Aṇṇaṅkarācāriyār
Annangaracharya
Annangarachariar
```

இவற்றை ஒன்றுசேர்க்க ஓர் ஒப்பீட்டு வடிவம் சமைக்கவேண்டும். புள்ளிகளையும் மேற்கோடுகளையும் நீக்கி, எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்குவது முதற்படி. பின்பு ch என்பதை c ஆகவும், மெல்லெழுத்தை அடுத்த k என்பதை g ஆகவும் மாற்றி, இரட்டித்த மெய்யை ஒற்றையாக்க வேண்டும். இறுதியில் arya, ariyar, ariar என்னும் மூன்று முடிவுகளையும் ari என்று கொள்ளவேண்டும். இவ்வாறு செய்தால் நான்கும் anangaracari என்னும் ஒரே உருவில் வந்து நிற்கும். சகரத்தை இரட்டித்து அண்ணங்கராச்சாரியார் என்று எழுதியவருடைய வடிவமும் இதிலேயே அடங்கும்.

இவ்வுருவை நூலில் அச்சிடுவது பெரும் பிழை. இது தேடுவதற்கு மட்டுமே உரியது. மூலவடிவம் உள்ளபடியே பாதுகாக்கப்பட வேண்டும். புள்ளிகளையும் கோடுகளையும் நீக்கினால் ண, ந, ன என்னும் மூன்றும் ஒன்றாகும். ல, ள இரண்டும் ஒன்றாகும். தமிழில் இவ்வேற்றுமைகள் பொருளையே மாற்றுவன என்பதை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

ஒப்பீட்டு வடிவம் ஒன்றாயிருப்பதால் ஆளும் ஒருவரே என்று துணிவதும் தவறு. பிரதிவாதி பயங்கரம் என்பது இந்த ஸ்வாமிக்கு வந்த குடிப்பெயர். அது முதலில் மணவாள மாமுனிகளின் அஷ்டதிக்கஜங்களுள் ஒருவரான பிரதிவாதி பயங்கரம் அண்ணனுக்கு வழங்கியது. திருவேங்கடமுடையான் ஸுப்ரபாதத்தை அருளிச்செய்தவர் அவரே என்பது ஸம்ப்ரதாயம். மேலைநாட்டு வழக்கப்படி குடிப்பெயரை முன்னிட்டு, இயற்பெயரை முதலெழுத்தாகச் சுருக்கும் பட்டியலில் இருவரும் `Prativadibhayankaram, A.` என்றே நிற்பர். பதினைந்தாம் நூற்றாண்டின் ஆசிரியரும் இருபதாம் நூற்றாண்டின் பதிப்பாசிரியரும் ஒருவராகிவிடுவர். சிதறியது பிறகு சேர்ந்துவிடலாம். இப்படிக் கலந்ததைப் பிரிப்பது கடினம். பட்டியலைப் பார்ப்பவருக்கு அங்கே ஒரு குறை இருப்பதே தெரியாதன்றோ. ஆகவே ஒப்பீட்டு வடிவத்தில் முதலெழுத்துச் சுருக்கத்திற்கு இடமளிக்கலாகாது.

ஒத்த வடிவங்கள் கிடைத்தபின் காலம், நூல், பதிப்பிடம் ஆகியவற்றுள் இரண்டேனும் இயைந்தால்தான் ஒருவர் என்று கொள்ளத்தகும். பதிப்பிடத்திலும் இதே இடர் உண்டு. Conjeeveram, Kāñcīpuram, சின்ன காஞ்சீபுரம், விஷ்ணு காஞ்சி என்று ஓரூரே பல பெயர்களில் அச்சாகியிருக்கிறது. ஊரறியாதவர் பதிப்பிடம் வேறு என்று எண்ணி, ஒருவரை இருவராக்கிவிடுவதற்கு இது போதும்.

எழுத்து வழியே எவ்வளவு முயன்றாலும் எட்டாத இடம் ஒன்றுண்டு. அது பெயர் ஒலிபெயர்க்கப்படாமல் மொழிபெயர்க்கப்பட்ட இடம். அழகிய மணவாள மாமுனிகள் ஸம்ஸ்க்ருத நூல்களில் வரவரமுனி, ரம்யஜாமாத்ருமுனி, ஸௌம்யஜாமாத்ருமுனி என வழங்கப்படுகிறார். மணவாளன் என்னும் சொல்லிலிருந்து ஜாமாத்ரு என்னும் சொல்லை எந்த எழுத்து விதியும் வருவிக்காது. இதன்மேல் ஒரு சிக்கலும் உண்டு. திருவாய்மொழிக்குப் பன்னீராயிரப்படி அருளிய வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயரும் ஸௌம்யஜாமாத்ருமுனி என்றே குறிக்கப்படுகிறார். ஆசார்ய ஹ்ருதயம் அருளிய அழகிய மணவாளப் பெருமாள் நாயனாருக்கும் ரம்யஜாமாத்ரு என்று தொடங்கும் பெயர் வழங்குகிறது. மூவருடைய தமிழ்ப் பெயர்களும் அழகிய மணவாளன் என்பதிலிருந்தே வந்தமையால் வடமொழிப் பெயர்களும் இவ்வாறு நெருங்கி நிற்கின்றன.

ஆகவே இத்தகையோருக்கு விதி வகுப்பதைவிட, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணிட்டு, அவ்வெண்ணின் கீழ் அவருக்கு வழங்கும் பெயர்கள் யாவற்றையும் கையாலேயே எழுதிவைப்பதே முறை. பெரிய நூலகங்களின் பெயர்ப்பதிவுகள் இவ்வாறே நடைபெறுகின்றன. பெயரொன்று இருவருக்கு உரியதாயின் இரண்டு எண்களின் கீழும் அது நிற்கலாம். எவரைக் குறிக்கிறது என்பதை நூலே சொல்லும். பன்னீராயிரப்படியை அடுத்து ஸௌம்யஜாமாத்ருமுனி என்று வந்தால் அவர் வாதிகேஸரி. உபதேசரத்தினமாலையை அடுத்து வந்தால் மாமுனிகள். நூற்பெயரே இல்லாமல் அப்பெயர் மட்டும் அடிக்குறிப்பில் நின்றால், அதனை எவரோடும் சேர்க்காமல் தனியே விட்டுவைக்க வேண்டும்.