கைச் சிட்டையைப் படித்துக் கடை வரிசைப்படி பிரிக்கும் போன்: ஒரு பரிசோதனை

மாதப் பிறப்பில் சூலக்கரையிலிருந்து விருதுநகர் பலசரக்குக் கடைக்குப் போகும் சிட்டைகளில் பாதி இப்போது வாட்ஸப்பில் படமாகப் போகின்றன. கடைக்காரர் அந்தப் படத்தைப் பார்த்தபடி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் சோப்பு அலமாரிக்கும் மாறி மாறி நடக்கிறார். அந்தப் படத்தைப் போனே படித்து, சுருக்கங்களை விரித்து, கடையின் வரிசைப்படி பிரித்துக் கொடுக்குமா என்று பார்ப்பதே இந்தப் பரிசோதனை. பயன்படுத்தியவை இரண்டு: ஆண்ட்ராய்டு போன் கேமராவோடு வரும் எழுத்து வாசிக்கும் வசதி, இலவசமாகக் கிடைக்கும் கூகுள் ஷீட்ஸ்.

எடுத்துக்கொண்ட சிட்டை இது:

து.ப – 1½ கி
உ.ப – 1 கி
க.ப – ½ கி
பா.ப – „
ந.எ – 1 லி
க.எ – 2 லி
மி.வத்தல் – ¼
ம.தூள் – 100
சீனி – 2
பொரிகடலை – ¼
து.சோப்பு – 3
கு.சோப்பு – 4

படம் எடுப்பது

எங்கள் பக்கத்தில் சிட்டை எழுதப்படும் தாள் பெரும்பாலும் சிவகாசியில் அச்சான நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம். தாள் மெல்லியது. முன்பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் தேதியும் ராகு கால நேரமும் பின்னால் தெரியும். கண் அதை ஒதுக்கிவிடும், கேமரா ஒதுக்காது. சீனிக்கு எதிரே 2 என்று இருக்க வேண்டிய இடத்தில் 7.30 வந்து நின்றால் காரணம் இதுதான். தீர்வு எளிது. தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை வைத்தால் அடிப்பக்க அச்சு மங்கிவிடும். வெள்ளை மேஜை மேல் வைத்தால் அச்சு இன்னும் துலக்கமாகத் தெரியும். மடிப்பை நீவிவிட்டு, போனின் நிழல் விழாமல் சன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுக்க வேண்டும்.

எழுத்தைப் படிப்பது

பால்பாயிண்ட் பேனாவில் இடம் விட்டு எழுதிய வரிகளைப் போன் நன்றாகவே படிக்கிறது. இடறும் இடங்கள் மூன்று. முதலாவது, துணைக்காலும் ரகரமும். கையெழுத்தில் இரண்டும் ஒரே கோடுதான், அதனால் ‘பா.ப’ என்பது ‘பர.ப’ ஆகிவிடும். இரண்டாவது, பழைய லை. 1978 அரசாணைக்கு முன்பு பள்ளியில் படித்தவர்கள் பலர் லை, ணை எழுத்துகளை இன்றும் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுகிறார்கள். அந்த வடிவத்தில் எழுதிய ‘பொரிகடலை’யைப் போன் சரியாகப் படிப்பதில்லை. மூன்றாவது, பின்னம். 1½ என்பதைக் கையால் எழுதினால் ‘11/2’ என்றோ ‘112’ என்றோ வருகிறது. ஒன்றரைக் கிலோ பருப்பு எங்கே, நூற்றுப் பன்னிரண்டு எங்கே! ‘ஒன்றரை’ என்று எழுத்தால் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

விரிதாளில் ஒட்டும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1/2 என்பதை விரிதாள் தேதியாக எடுத்துக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன்பே அளவு வரும் நிரலைத் தேர்ந்தெடுத்து `Format > Number > Plain text` என்று மாற்றிவிட வேண்டும். தேதியான பிறகு மாற்றினால் பழைய பின்னம் திரும்பும் என்று நம்ப முடியாது.

சுருக்கத்தை விரிப்பது

எழுத்தைச் சரியாகப் படித்தாலும் ‘க.ப’ என்றால் என்ன என்று போனுக்குத் தெரியாது. ‘க’ என்றால் கடலை என்று எழுத்துக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கவும் முடியாது. க.ப-வில் இருப்பது கொண்டைக்கடலை இனத்துப் பருப்பு, க.எ-யில் இருப்பது நிலக்கடலை. து.ப-வின் து துவரை, து.சோப்பின் து துணி. ஆகவே முழுச் சுருக்கத்துக்கு முழுப் பெயர் என்று வீட்டுக்கு ஓர் அகராதி வேண்டும். ஷீட்ஸில் ‘அகராதி’ என்று தனித் தாள் திறந்து, முதல் நிரலில் புள்ளியும் இடைவெளியும் இல்லாத சுருக்கம், அடுத்ததில் முழுப் பெயர், மூன்றாவதில் கடைப் பகுதியின் எண் என்று நிரப்ப வேண்டும். சீனி போன்ற முழுச் சொற்களும் அதில் இருக்க வேண்டும்.

சிட்டைத் தாளில் A நிரல் வரி எண், B பெயர், C அளவு. மற்ற மூன்றும் இப்படி, 13-ஆம் வரி வரை கீழே இழுத்துவிட வேண்டும்:

```
D2: =SUBSTITUTE(SUBSTITUTE(B2,".","")," ","")
E2: =IFERROR(VLOOKUP(D2,'அகராதி'!A:C,2,FALSE),"பார்க்க")
F2: =IFERROR(VLOOKUP(D2,'அகராதி'!A:C,3,FALSE),0)
```

`FALSE` முக்கியம். அது இல்லாவிட்டால் அகராதியில் இல்லாத சுருக்கத்துக்கும் ஏதோ ஒரு சரக்கைப் பொருத்திவிடும். இருந்தால் ‘பார்க்க’ என்று நிறுத்திவிடும். ‘ம.தூள்’ என்பதை அகராதியில் சேர்க்கவே கூடாது. அது மஞ்சள் தூளாகலாம், மல்லித் தூளாகவும் ஆகலாம். இந்தச் சிட்டையில் அதற்கு முந்தைய வரி மிளகாய் வத்தல், அளவோ 100 கிராம். வத்தலும் மல்லியும் வாங்கி மில்லில் திரிக்கும் வீடென்றால் அது மஞ்சள். இதை ஊகிக்க வீட்டைத் தெரிந்த ஆள் வேண்டும்.

பகுதி பிரிப்பது

ஐபோனின் ரிமைண்டர்ஸ் செயலியில் 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 முதல், மளிகைப் பட்டியலைத் தானே பிரிக்கும் வசதி உண்டு. அதன் பகுதிகள் பேக்கரி, உறைந்த உணவு என்று மேல்நாட்டு சூப்பர் மார்க்கெட்டின் பகுதிகள். நம் பலசரக்குக் கடையின் வரிசை வேறு: 1 நிறுத்துப் போடும் மூட்டைச் சரக்கு, 2 எண்ணெய், 3 பொடி, பாக்கெட், 4 சோப்பு. சோப்பு கடைசியில் வந்தால்தான் தனிப் பைக்குப் போகும், பருப்பில் வாடை ஏறாது. எண்ணைக் கொடுத்துவிட்டால் பிரிப்பது ஒரே வரி:

```
=SORT(A2:F13,6,TRUE,1,TRUE)
```

‘பார்க்க’ என்று நின்றவற்றுக்கு எண் 0 என்பதால் அவை உச்சியில் வந்து நிற்கும். அனுப்புவதற்கு முன் கண்ணில் படாமல் போகாது.

பிரிப்பதற்கு முன் செய்தே ஆக வேண்டியது ஒன்று உண்டு. பாசிப் பருப்புக்கு எதிரே இருக்கும் „ குறிக்கு மேல் வரியிலுள்ள அரைக் கிலோதான் பொருள். வரி இடம் மாறினால் அந்தக் குறி வேறொரு சரக்கின் அளவைக் காட்டும். இங்கே நான்கு பருப்பும் ஒரே பகுதி என்பதால் தப்பித்தது. பொரிகடலைக்கு அடியில் து.சோப்புக்கு அந்தக் குறி இருந்திருந்தால், பிரித்த பிறகு சோப்பு எண்ணெய்க்குக் கீழே போய் 2 லி என்று நின்றிருக்கும். ‘¼’ என்று அலகில்லாமல் எழுதியதும் அப்படித்தான். பொரிகடலை சீனிக்குப் பக்கத்தில் இருக்கும்வரை கிலோ என்று புரியும், எண்ணெய்க்குப் பக்கத்தில் போனால் குழப்பும். சிட்டையின் வரிசையிலேயே செய்தி இருக்கிறது. அதை எல்லாம் விரித்து எழுதி முடித்த பிறகுதான் வரிசையைக் கலைக்கலாம். வரி எண்ணை A நிரலில் வைத்திருப்பதும் இதற்காகவே: சந்தேகம் வந்தால் மூலச் சிட்டைக்குத் திரும்பலாம்.

யாருக்கு உதவும்

ஒரே கை எழுதி, ஒரே கடையில் வாங்கும் வீட்டுக்கு இது தாராளமாக உதவும். அகராதி ஒருமுறை நிரம்பினால் அடுத்தடுத்த மாதங்களில் திருத்த வேண்டியது அளவுகளையும் ‘பார்க்க’ என்று நின்றவற்றையும் மட்டும்தான். கடை மாறினால் அகராதியில் பகுதி எண்ணை மாற்றினால் போதும். பல வீட்டுச் சிட்டைகளை வாங்கும் கடைக்காரருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுக்கு வீடு சுருக்கம் மாறும், ஒரு வீட்டில் ‘பொ.க’ என்று எழுதுவதை இன்னொரு வீட்டில் பொரிகடலை என்று எழுதுவார்கள், சரக்கு ஒன்றே. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அகராதி வைத்தால்தான் சரிவரும். பத்து வரிக்குக் குறைந்த சிட்டைக்கும் இது வேண்டாம், நேராகப் படித்துச் சொல்வதே வேகம்.