மூன்று பேர் சொன்னால் மூன்று சாட்சியா?

தோட்டப் பாடசாலைகள் பற்றிய பண்புசார் ஆய்வேடுகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒரு பத்தி மனப்பாடமாகியிருக்கும். லிங்கனும் கூபாவும் 1985இல் வகுத்த நம்பகத்தன்மை அளவுகோல்கள் இந்த ஆய்விலும் பின்பற்றப்பட்டன என்று அது சொல்லும். எப்படிப் பின்பற்றப்பட்டன என்பதைத்தான் தேட வேண்டியிருக்கும்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை உதாரணத்துக்குக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்பதாம் தரத்து மாணவி அடிக்கடி வருவதில்லை. "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்கிறார் வகுப்பாசிரியர். அதிபரும் அதையே சொல்கிறார், வலயக் கல்வி அலுவலரும் அதையே சொல்கிறார். மூன்று மூலங்கள் ஒத்துப்போயின, முக்கோணப்படுத்தல் முடிந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் அதிபருக்கு அதைச் சொன்னவர் ஆசிரியர், அலுவலருக்குச் சொன்னவர் அதிபர். இருப்பது ஒரே சாட்சி.

வேறு இடத்தில் பிறந்த சான்று வேண்டும். வரவு இடாப்பைப் பார்த்தால் அவள் தொடர்ச்சியாக நின்றுவிடவில்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் வராமலிருக்கிறாள். தாயிடம் கேட்டால், "புள்ளைக்குக் காய்ச்சலுங்க" என்கிறார். ஆய்வாளர் 'மாணவியின் நோய்' என்று குறித்துக்கொள்கிறார். அந்த நாட்களைத் தோட்டத்துச் செக்ரோலோடு ஒப்பிட்டால் தாய் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறார். மகள் காய்ச்சலில் கிடக்கத் தாய் மலைக்குப் போனாரா? முரண்பாடு வெளியே வந்ததுதான் முக்கோணப்படுத்தலின் பயன். (செக்ரோலைக் கேட்கும்போது ஒருவர் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது. டிவிசன் முழுவதற்கும் அந்த மாதத்துக்குரியதைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் யாரை விசாரிக்கிறோம் என்பது ஆபீசுக்குத் தெரிந்துவிடும்.)

முடிச்சு அவிழ்வது பங்கேற்பாளர் சரிபார்ப்பில். லிங்கனும் கூபாவும் இதற்குத்தான் அதிக எடை தந்தார்கள். நம்மிடையே அது அறிக்கையை நீட்டி "சரிதானே?" என்று கேட்பதாகச் சுருங்கிவிட்டது. படித்தவர் நீட்டிய தாளுக்கு லயத்தில் கிடைக்கும் பதில் "சரிங்க" என்பதுதான். தலைவர் பக்கத்தில் நின்றால் அதுவும் சத்தமில்லாமல் வரும். தாய் தனியாக இருக்கும் நேரத்தில், அவர் பேச்சிலேயே வாசித்துக் காட்டி, "இதுல எது தப்பு?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் வருகிறது: "அவளுக்கில்லங்க, சின்னவனுக்கு." காய்ச்சல் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட முடியாது. தாய்க்கு ஒருநாள் பேர் போனால் சம்பளம் போகும். அதனால் அக்காதான் வீட்டில் நிற்கிறாள்.

இந்தத் திருத்தம் நடந்ததை மூன்றாமவர் எப்படி அறிவார்? அதற்குத்தான் தணிக்கைத் தடம். ஒலிப்பதிவு, எழுத்துப்படி, களக்குறிப்பு ஆகியவற்றோடு, 'மாணவியின் நோய்' என்ற குறியீடு எந்தத் தேதியில், எந்த உரையாடலுக்குப் பின், ஏன் 'தம்பியைப் பார்த்தல்' ஆனது என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும். பழைய குறியீட்டை அழிக்கக் கூடாது. எல்லாத் தேதியும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தால் அது கடைசி வாரத்தில் தயாரான தடம் என்று பரிசோதகர் சந்தேகிக்கலாம். தடம் சரியாக இருப்பதால் முடிவும் சரி என்றாகிவிடாது. எந்த வழியாக வந்தோம் என்பதை மட்டுமே அது காட்டும்.

சிறிய டிவிசனில் பெயரை மாற்றினாலும் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். எனவே பெயர்ப் பட்டியலைத் தடத்திலிருந்து பிரித்து வேறிடத்தில் பூட்டி வைக்க வேண்டும். பரிசோதகருக்கும் அது தேவையில்லை.